‘எந்த நேரமும், நான்கு மணி நேரத்தில்’ என்று கையெழுத்துக் கேட்கிறார் புது வாடிக்கையாளர்

கேள்வி: ஈரோட்டில் இரண்டு பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு, இணையதளங்களைப் பராமரித்துத் தரும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்யும் ஒருவர் தன் ஆன்லைன் கடையை எங்களிடம் ஒப்படைக்க முன்வந்திருக்கிறார். மாதம் 25,000 ரூபாய். எங்களுக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. அவருடைய ஆடிட்டர் ஒரு வரைவு அனுப்பியிருக்கிறார். ‘24 மணி நேரமும் ஆதரவு, எந்தப் புகாரும் 4 மணி நேரத்தில் தீர்க்கப்பட வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் 1,000 ரூபாய் பிடித்தம், காலக்கெடுவே இந்த ஒப்பந்தத்தின் சாரம்’ என்கிறது அது. நாங்கள் வழக்கமாக எதையும் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவோம், அதனால் 4 மணி நேரம் பயமில்லை. முத்திரைத்தாளில் போடாமல் மின்னஞ்சலில் ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டால் பின்னால் சட்டப்படி எதுவும் செய்ய முடியாது என்கிறார் ஒரு நண்பர். வேலை நேரம் என்று பேச்செடுத்தால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாரோ என்றும் இருக்கிறது. பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு இரவு பதினோரு மணிக்கும் பதில் போட்டுப் பழக்கிவிட்டு, இப்போது அதிலிருந்து மீள முடியாமல் தவிக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இப்போது இருக்கிற வடிவத்தில் போடாதீர்கள். ஆனால் வேலையை விடவும் வேண்டாம். வரைவைத் திருத்தி அனுப்புங்கள். எதை எப்படித் திருத்துவது என்று பார்ப்பதற்கு முன்னால், நண்பர் சொன்னதை ஒதுக்கிவிடுவோம்.

ஒப்பந்தம் செல்லுபடியாக முத்திரைத்தாள் வேண்டும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. ஒருவர் முன்மொழிந்து, மற்றவர் ஏற்று, அதற்கு ஒரு பிரதிபலன் இருந்தால் ஒப்பந்தம் உண்டாகிவிடும். அது மின்னஞ்சலில் நடந்தது என்பதற்காக மட்டும் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு தெளிவாகவே சொல்கிறது. வாட்ஸ்அப்பில் போட்ட ‘ஓகே சார்’கூட உரிய சான்றிதழோடு நீதிமன்றத்துக்குச் சாட்சியாக வரலாம். முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை வழக்கில் ஆவணமாகக் காட்டும்போது தீர்வையையும் அபராதத்தையும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆகவே மின்னஞ்சலில் ‘சரி’ என்று அனுப்பினால், அந்த நான்கு வரிகளுக்கும் நீங்கள் கட்டுப்பட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை மாலைக் கணக்கு

அந்த நான்கு வரிகளும் சேர்ந்து என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை மாலை 5.30க்கு ஒரு புகார் வருகிறது. சேலைப் பக்கம் ஒன்றில் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் படம் மாறவில்லை. உங்கள் ஆட்கள் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை பத்து மணிக்கு உட்கார்ந்து, மதியம் 1.30க்குச் சரிசெய்துவிடுகிறீர்கள். உங்கள் கணக்கில் இது நான்கு வேலை மணி நேரம்: சனிக்கிழமை அரை மணி, திங்கட்கிழமை மூன்றரை மணி. வரைவின் கணக்கில் 44 மணி நேரம். நான்கைக் கழித்தால் 40 மணி நேரத் தாமதம், பிடித்தம் 40,000 ரூபாய். ஒரு சேலையின் படம் மாறாததற்காக, மாதச் சம்பளம் 25,000 போக நீங்கள் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவர் அப்படியெல்லாம் பிடிக்கமாட்டார் என்று தோன்றலாம். நல்லுறவு இருக்கும்வரை பிடிக்கமாட்டார்தான். உறவு கசந்து, கடைசி இரண்டு மாதப் பணம் பாக்கி நிற்கும்போது இந்த வரியை எடுத்து முன்னால் வைப்பார்கள். என் மேஜைக்கு வரும் பாக்கித் தகராறுகளில் இது அடிக்கடி பார்ப்பது.

‘வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கம் வேறு, வாக்குறுதி வேறு. கடைசியாக வந்த இருபது புகார்களைப் பழைய செய்திகளிலிருந்து எடுத்து, எப்போது வந்தது, எப்போது முதல் பதில் போனது, எப்போது தீர்ந்தது என்று எழுதிப் பாருங்கள். பதினேழு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும்; மிச்சம் மூன்று ஆறு மணி நேரமோ, ஒரு நாளோ, இரண்டு நாளோ இழுத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மனதில் நிற்பது அந்தப் பதினேழுதான். பிடித்தம் விழுவதோ அந்த மூன்றுக்கு. வாக்குக் கொடுக்கும் நேரத்தைச் சராசரியிலிருந்து எடுக்காமல், இருபதில் பதினெட்டாவது முடிய எவ்வளவு ஆனது என்பதிலிருந்து எடுங்கள். அப்போதும் இரண்டு தவறும். அந்த இரண்டுக்காகத்தான் பிடித்தத்துக்கு வரம்பு கேட்கப் போகிறோம்.

எதற்கு நான்கு மணி நேரம்?

வரைவில் இருக்கிற பெரிய குழப்பம் ‘தீர்க்கப்பட வேண்டும்’ என்ற சொற்களில் இருக்கிறது. புகார் வந்ததிலிருந்து மூன்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பார்த்துவிட்டோம் என்று ஒரு மனிதர் பதில் சொல்வது ஒன்று. வியாபாரம் நிற்காமல் ஓட ஒரு தற்காலிக ஏற்பாடு செய்வது இன்னொன்று. கோளாறை வேரோடு சரிசெய்வது மூன்றாவது. முதலாவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு உறுதியாக நேரம் சொல்லலாம். இரண்டாவதற்கும் ஓரளவு சொல்லலாம். மூன்றாவதற்கு, கோளாறு என்னவென்றே தெரியாத நிலையில் மணிக்கணக்கு சொல்வது சூதாட்டம். அதற்கு ‘காரணம் தெரிந்தபின் தேதி சொல்வோம்’ என்று எழுதுவதுதான் நேர்மையானது. பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களிலும் இந்த மூன்றையும் பிரித்துத்தான் வைத்திருப்பார்கள்.

அடுத்து, எல்லாப் புகாரும் ஒரே எடை இல்லை. உங்கள் வாடிக்கையாளருக்கு எல்லாமே அவசரம்தான். வியாபாரிகள் அப்படித்தான் இருப்பார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதனால் எது அவசரம் என்பதை அன்றைய மனநிலைக்கு விடாமல் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். ‘உயர்’, ‘நடுத்தரம்’, ‘சாதாரணம்’ என்று பெயர் மட்டும் வைத்தால் போதாது, எல்லாரும் ‘உயர்’ என்றுதான் சொல்வார்கள். கடையில் கண்ணுக்குத் தெரிகிற நிலையை வைத்து எழுதுங்கள்.

கடை திறக்கவில்லை, அல்லது யாராலும் பணம் கட்டி ஆர்டர் போட முடியவில்லை. இது முதல் நிலை. வேலை நேரத்தில் 30 நிமிடத்தில் பதில், 4 வேலை மணி நேரத்தில் தற்காலிக ஏற்பாடு. கடை ஓடுகிறது, ஆனால் ஒரு பகுதி கெட்டிருக்கிறது: கூப்பன் ஏறவில்லை, கூரியர் எண் வாடிக்கையாளருக்குப் போகவில்லை. இது இரண்டாம் நிலை. 4 வேலை மணி நேரத்தில் பதில், இரண்டு வேலை நாளில் தீர்வு அல்லது தேதி. படம் மாறவில்லை, எழுத்துப்பிழை, அழகு சார்ந்த குறை இதெல்லாம் மூன்றாம் நிலை. ஒரு வேலை நாளில் பதில், ஐந்து வேலை நாளில் முடிவு. இந்த எண்கள் ஒரு தொடக்கம்தான், உங்கள் இருபது புகார்ப் பட்டியலோடு ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நிலையை முதலில் அவர் சொல்லலாம், வரையறையைப் பார்த்து உறுதிசெய்வது நீங்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

இந்த மூன்றிலும் சேராதது ஒன்று இருக்கிறது. ‘ஆடித் தள்ளுபடிக்கு முகப்பில் ஒரு பேனர் போடுங்கள்’, ‘காட்டன் சேலைக்குத் தனிப் பக்கம் வேண்டும்’ என்பதெல்லாம் கோளாறு இல்லை, புது வேலை. அவற்றை ஆதரவுக் கணக்கில் சேர்த்தால் நான்கு மணி நேரத்தில் பேனர் கேட்பார். மாதம் இத்தனை மணி நேரம் வரை சிறு மாற்றங்கள், ஒவ்வொன்றும் மூன்று வேலை நாளில் என்று தனியாக எழுதுங்கள். அதைத் தாண்டினால் தனி விலை.

கடிகாரம் எப்போது ஓடும், எப்போது நிற்கும்

நேரம் எத்தனை மணி என்பதைவிட, அதை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டை அதிகம் வரும். உங்கள் தனிப்பட்ட வாட்ஸ்அப்பில் ‘சைட் ப்ராப்ளம்’ என்று இரண்டு வார்த்தை வந்து கிடக்கிறது, நீங்கள் ஒரு கல்யாணத்தில் இருக்கிறீர்கள். கடிகாரம் ஓடுகிறதா இல்லையா? ஓடவில்லை என்று எழுதினால்தான் ஓடவில்லை. புகாருக்கென்று ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி, முதல் நிலைக்கு மட்டும் ஒரு தொலைபேசி எண். அங்கே பதிவான நேரத்திலிருந்து எண்ணிக்கை, மற்ற வழிகளில் வந்தவை கணக்கில் இல்லை. புகாரோடு எந்தப் பக்கம், எந்தச் சாதனம், ஒரு ஸ்கிரீன்ஷாட், பணம் சம்பந்தப்பட்டதென்றால் பரிவர்த்தனை எண் ஆகியவை வர வேண்டும் என்றும் சேருங்கள்.

நீங்கள் ஏதாவது கேட்டு அவர் பதில் சொல்லாமல் இருந்தால் அந்த இடைவெளியில் கடிகாரம் நிற்க வேண்டும். இது நீங்கள் கேட்கும் சலுகை இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 67ஆம் பிரிவு இதையேதான் சொல்கிறது. அங்கே உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: ஒருவர் இன்னொருவரின் வீட்டைப் பழுதுபார்க்க ஒப்புக்கொள்கிறார், எங்கெங்கே பழுது என்று வீட்டுக்காரர் காட்ட மறுக்கிறார், அல்லது காட்டாமல் விட்டுவிடுகிறார், அதனால் வேலை நடக்காமல் போனால் வேலைக்காரர் மேல் குற்றம் இல்லை. ஹோஸ்டிங் கடவுச்சொல்லைக் கேட்டு இரண்டு நாள் காத்திருக்கும் உங்களுக்கும் இது பொருந்தும். ஆனாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், சட்டப் பிரிவைச் சொல்லி வாதாட வேண்டிய தேவையே வராது.

மூன்றாம் ஆட்களின் கோளாறுதான் இந்த வகைக் கடைகளில் பெரிய தலைவலி. ‘பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை’ என்ற புகார் உங்களுக்கு வாரம் ஒருமுறையாவது வரும். அதில் உங்கள் பங்கு எது, வெளியார் பங்கு எது என்பதை இப்போதே பிரித்து எழுதலாம். பேமென்ட் கேட்வேயின் பக்கத்தில் அந்தப் பரிவர்த்தனை தோல்வி என்று காட்டினால், பணம் வங்கிகளுக்கு இடையே சிக்கியிருக்கிறது; அதைத் திருப்பி அனுப்ப வேண்டியது வங்கியும் கேட்வேயும், உங்களால் அதை வேகப்படுத்த முடியாது. அங்கே பணம் வந்து சேர்ந்ததாகக் காட்டி, கடையில் மட்டும் ஆர்டர் பதிவாகவில்லை என்றால், கேட்வே அனுப்பிய தகவலைக் கடை வாங்கிப் பதிவுசெய்யும் இடத்தில் பிரச்சினை. அதைப் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் வேலை, தட்டிக்கழிக்க முடியாது. வெளியார் கோளாறுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய வாக்கு வேறு மாதிரி இருக்கும்: ஒரு வேலை மணி நேரத்தில் கோளாறு யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்வோம், அவர்களிடம் புகார் பதிந்து எண்ணை அனுப்புவோம், நாளுக்கு இருமுறை நிலவரம் சொல்வோம். தீர்ப்போம் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், சனிக்கிழமைக் கணக்கை நான் மேலே போட்டுக் காட்டியது போலவே ஒப்பந்தத்தின் இணைப்பிலும் இரண்டு உதாரணங்களாகப் போட்டுவிடுங்கள். ‘வேலை மணி நேரம்’ என்று வரையறை எழுதினாலும் யாரும் படிக்கமாட்டார்கள். ‘சனி மாலை 5.30க்கு வந்த இரண்டாம் நிலைப் புகாருக்குத் திங்கள் மதியம் 1.30க்குள் முதல் பதில்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடும்போதே கேட்பார்: ‘என்னம்மா, ரெண்டு நாளா?’ அந்தக் கேள்வி இப்போதே வருவது நல்லது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வந்தால் தாங்காது.

இரவும் ஞாயிறும்

வேலை நேரம் என்று பேச்செடுத்தால் ஓடிவிடுவார் என்ற பயத்துக்கு வருவோம். 24 மணி நேரம் கேட்கும் வியாபாரிக்கு உண்மையில் அதிகாலை மூன்று மணிக்கு ஆள் தேவைப்படுவதில்லை. அவருடைய பயம் வேறு. வீட்டு வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, போனைக் கையில் எடுத்துச் சேலை பார்க்கும் நேரத்தில் கடை படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான். முந்தைய ஆறு மாத ஆர்டர் விவரத்தை அவரிடம் கேட்டு வாங்கி, எந்தக் கிழமை எந்த மணிக்கு ஆர்டர் குவிகிறது என்று பாருங்கள். இரவு எட்டு முதல் பதினொன்று வரையும் ஞாயிறும் கனமாக இருந்தால், உங்கள் பத்து-ஆறு நேரம் அவருடைய வியாபாரத்தின் முக்கியப் பகுதியைத் தொடவே இல்லை என்று அர்த்தம். அவர் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, அளவுதான் தவறு.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஒரு நாற்காலியை எப்போதும் நிரப்பி வைக்க மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஐந்து. நீங்கள் மொத்தமே மூன்று பேர். தவிரவும், உங்களிடம் வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொதுவாக நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. வாடிக்கையாளரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்பது அதை மீறக் காரணமாகாது.

எனவே உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வேலை நேரம் மட்டும் என்று கறாராக நிற்பது. 25,000 ரூபாய்க்கு அது நியாயம்தான், ஆனால் அவர் பயத்துக்குப் பதில் இல்லை, வேலை கைவிட்டுப் போகலாம். உண்மையாகவே 24 மணி நேரமும் கொடுப்பது. ஆள் எடுக்க வேண்டும், இந்தக் கட்டணத்தில் கட்டாது. மூன்றாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன்: திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் மாலை 6 வரை எல்லாவற்றுக்கும், அதற்கு வெளியே, ஞாயிறு உட்பட இரவு 11 வரை, முதல் நிலைக்கு மட்டும், தொலைபேசியில் மட்டும். ஒரு மணி நேரத்தில் ஒருவர் எடுத்துப் பார்ப்பார். இரவு 11 முதல் காலை வரை யாரும் இல்லை. இதற்கு மாதம் 6,000 ரூபாய் தனி என்று வைத்து, மூன்று பேரும் வாரம் ஒருவராக அந்த எண்ணைச் சுமக்கலாம். சுமப்பவருக்கு அதில் ஒரு பங்கும் ஈட்டு விடுப்பும் கொடுங்கள்.

அந்த 6,000 அவருக்கு ஒரு அளவுகோலும் ஆகும். இரவு ஆதரவு எவ்வளவு முக்கியம் என்று அவரே தீர்மானிப்பார். வேண்டாம் என்று சொன்னால், அவர் வாயாலேயே 24 மணி நேரம் தேவையில்லை என்று சொன்னதாகிவிடும்.

தீபாவளிக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள். பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரங்களுக்கு நேரத்தைக் காலை 8 முதல் இரவு 11 வரை நீட்டித்து, அதற்கு ஒரு தொகை. பதிலுக்கு அவரிடம் ஒன்று வாங்குங்கள்: அந்த மூன்று வாரங்களில் கடையில் விலை, படம், இருப்பு தவிர எந்த மாற்றமும் கிடையாது. பண்டிகைக் காலத்தில் கடை படுப்பதற்குக் கூட்டம் ஒரு காரணம் என்றால், முந்தின நாள் இரவு அவசரமாகச் சேர்த்த ஏதோ ஒரு வசதி இன்னொரு காரணம். இந்தத் தடையை அவர் முதலில் எதிர்ப்பார், கடைசியில் அவருக்குத்தான் அதிக லாபம்.

பிடித்தமும் ‘சாரம்’ என்ற சொல்லும்

‘காலக்கெடுவே ஒப்பந்தத்தின் சாரம்’ என்ற வரி அலங்காரம் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, காலம் சாரமாக இருக்கும் ஒப்பந்தத்தில் நேரம் தவறினால் எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அப்படி இல்லையென்றால், தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாமே தவிர, ரத்து செய்ய முடியாது. மாதாமாதம் தொடரும் பராமரிப்பு வேலைக்கு அந்த வரி பொருந்தாது, எடுத்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஒரு நியாயமான வாசல் கொடுக்கலாம்: தொடர்ந்து இரண்டு மாதம் முதல் நிலை நேரங்கள் தவறினால் 15 நாள் அறிவிப்பில் அவர் விலகிக்கொள்ளலாம் என்று.

மணிக்கு 1,000 ரூபாய் என்று எழுதிவிட்டால் அப்படியே கொடுத்தாக வேண்டுமா? நீதிமன்றத்தில் அப்படி இல்லை. 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை ஒரு உச்சம் மட்டுமே. அதற்குள் நியாயமான ஈட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். ஆனால் இந்தப் பாதுகாப்பை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் அவர் கையில் இருக்கிறது. அவர் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிடுவார், வழக்குப் போட்டு அலைய வேண்டியவர் நீங்கள்.

பிடித்தமே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். அது அவருக்கு ஒரு தைரியம், வேலை வாங்கும் பிடி. மூன்று மாற்றங்கள் போதும். முதல் நிலைக்கு மட்டும் பிடித்தம். ஒரு மாதத்தில் மொத்தப் பிடித்தம் கட்டணத்தில் பத்து சதவீதம், அதாவது 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. அது அடுத்த மாத பில்லில் கழிவாக வரும், தாமதத்துக்கு அதற்கு மேல் வேறு ஈடு கிடையாது. கடைசி வரி முக்கியம். ‘அன்று இரவு கடை ஓடியிருந்தால் மூன்று லட்சத்துக்கு விற்றிருப்பேன்’ என்ற கோரிக்கை வராமல் தடுப்பது அதுதான். 73ஆம் பிரிவு தொலைதூர நஷ்டங்களுக்கு ஈடு கிடையாது என்கிறது, உண்மை. ஆனால் ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டம் அதில் சேராது. தீபாவளிக்குத் தனி ஏற்பாடு என்று நாமே எழுதுகிறோம்; அந்த வாரம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியும் என்று அதை வைத்தே வாதாடலாம். அதனால்தான் விற்பனை இழப்புக்குப் பொறுப்பில்லை என்பதைத் தனியாக எழுதச் சொல்கிறேன்.

பதினோரு மணிச் செய்திகள்

ஒப்பந்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், முதல் மாதம் நீங்கள் நடந்துகொள்ளும் விதம்தான் அவருக்கு உண்மையான ஒப்பந்தம். இரவு பதினோரு மணிக்கு வந்த மூன்றாம் நிலைப் புகாருக்கு 11.05க்குப் பதில் போட்டால், எழுதியதை நீங்களே அடித்துத் திருத்திவிட்டீர்கள். நான்கு மாதம் அப்படி நடந்தபின் நிறுத்தினால், ‘முன்னால் செய்தீர்களே, இப்போது என்ன?’ என்பார். தகராறு என்று வந்தால், இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தையும் சாட்சியாகக் காட்ட முடியும். ‘எப்போதாவது கூடுதலாக உதவியது ஒப்பந்தத்தை மாற்றியதாகாது, மாற்றம் எதுவும் இரு தரப்பும் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டால்தான்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நேரத்துக்கு வெளியே உதவவே கூடாது என்று இல்லை. செய்தால், செய்ததைப் பெயர் சொல்லிச் செய்யுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு இப்படி ஒரு மின்னஞ்சல்:

‘ஐயா, நேற்று இரவு 10.40க்கு வந்த கூப்பன் பிரச்சினையைப் பார்த்துச் சரிசெய்துவிட்டோம். இது இரண்டாம் நிலை என்பதால் வேலை நேரத்தில் பார்ப்பதுதான் நம் ஏற்பாடு. விற்பனை நடந்துகொண்டிருந்ததால் இந்த ஒருமுறை இரவே எடுத்துக்கொண்டோம்.’

மூன்று வரிதான். ஆனால் அடுத்த முறை நீங்கள் காலையில் பதில் போட்டால் அவருக்கு அது புதிதாக இருக்காது. உங்கள் பழைய வாடிக்கையாளருக்கும் இதே வழிதான். ஒரே நாளில் கதவைச் சாத்தாமல், அடுத்த மாத முதல் தேதியிலிருந்து இந்த நேரங்கள் என்று ஒரு மாத அறிவிப்புக் கொடுங்கள். அதுவரை வழக்கம்போல் செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் இந்த மின்னஞ்சலோடு.

உத்யம் பதிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் வேலை தொடங்கும் முன்னால் போட்டுவிடுங்கள், கட்டணம் கிடையாது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் வர வேண்டும், அந்த நாளும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு. நம் விஷயத்துக்கு இன்னும் பயன்படுவது வேறு ஒன்று: சேவையில் குறை இருந்தால் வாங்குபவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆறு மாதம் கழித்து, ‘அந்த ஜூன் மாதம் தாமதம் செய்தீர்கள்’ என்று பிடித்தம் போடும் பழக்கத்துக்கு இது நல்ல பதில். ஒவ்வொரு மாதமும் பில்லோடு, அந்த மாதப் புகார்கள், வந்த நேரம், பதில் சொன்ன நேரம், முடித்த நேரம் என்று ஒரு பக்கப் பட்டியலை இணைத்து அனுப்புங்கள்.

திருத்திய வரைவை மின்னஞ்சலில் தூக்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆடிட்டர் அனுப்பிய வரைவு வேறு யாருக்கோ எழுதியதாகத்தான் இருக்கும். அவர் நான்கு மணி நேரத்தைப் பற்றி யோசித்தே இருக்கமாட்டார். இளம்பிள்ளைக்கு நேரில் போய், ஆர்டர் விவரத்தையும் சனிக்கிழமைக் கணக்கையும் வியாபாரியின் முன்னால் வைத்துப் பேசுங்கள். நேரங்களில் விட்டுக்கொடுக்கலாம்: 30 நிமிடத்தை 20 ஆக்கச் சொன்னால் ஆக்கலாம், ஐந்து வேலை நாளை நான்காக்கலாம், 6,000 ரூபாயை 4,500க்கு இறக்கலாம். முதல் மூன்று மாதம் பரீட்சார்த்தம், அதன்பின் பட்டியலைப் பார்த்து இரு தரப்பும் எண்களை மாற்றிக்கொள்ளலாம் என்று அவரே கேட்டாலும் நல்லது. பிடித்தத்துக்கு உச்சவரம்பு, விற்பனை இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வரி, இந்த இரண்டையும் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டுக்கும் அவர் ஒப்பவில்லை என்றால், 25,000 ரூபாய் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.